சராசரி 12 சதவீதம் என்றார்கள், பணம் ஏன் அப்படி வளரவில்லை?

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஃபண்டில் மொத்தமாக ஒரு லட்ச ரூபாய் போட்டேன். முதல் வருடம் 40 சதவீதம் ஏற்றம், அடுத்து 20 இறக்கம், 30 ஏற்றம், 15 இறக்கம், 25 ஏற்றம். "சராசரி 12 சதவீதம் சார்" என்று ஏஜென்ட் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அப்படியானால் 1,76,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் 1,54,700 தான் இருக்கிறது. மீதியை யாராவது பிடித்துக்கொண்டார்களா? உண்மையான சராசரியை நானே எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் இருப்பது சாதாரண கால்குலேட்டர். மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய லாக் டேபிள் வீட்டில் கிடக்கிறது.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: யாரும் எதையும் பிடிக்கவில்லை. ஸ்டேட்மென்ட் சரி, அந்தச் சராசரிதான் உங்களுக்குப் பயன்படாதது.

பணம் போன வழியைப் பாருங்கள். ஒரு லட்சம் முதல் வருடம் 1,40,000 ஆனது. அடுத்த வருடம் 20 சதவீதம் இறங்கியது உங்கள் ஒரு லட்சத்தில் அல்ல, 1,40,000-இல். எனவே 28,000 போய் 1,12,000. பிறகு 1,45,600, அப்புறம் 1,23,760, கடைசியில் 1,54,700. ஒவ்வொரு வருடச் சதவீதமும் வேறு வேறு தொகையின் மேல் உட்காருகிறது. அவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 12 வரும், கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் எந்த ஒரே விகிதத்தில் வளர்ந்திருந்தால் இதே 1,54,700 வந்திருக்கும் என்ற கேள்விக்கு அது விடை இல்லை. அதற்குப் பெருக்கல் சராசரி வேண்டும்.

சதவீதத்தை முதலில் பெருக்கு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். 40 ஏற்றம் என்றால் 1.40, 20 இறக்கம் என்றால் 0.80. ஐந்தையும் பெருக்கினால் 1.547. எந்த எண்ணை அதனாலேயே ஐந்து முறை பெருக்கினால் 1.547 வரும் என்பதுதான் கேள்வி, அதாவது ஐந்தாம் மூலம். உங்கள் கடைக் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தான் மட்டுமே இருக்கும், ஐந்தாம் மூலம் வராது. அங்கேதான் மகளின் லாக் டேபிள் கைகொடுக்கும். லாக் எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், மூலம் எடுப்பது வெறும் வகுத்தலாகிவிடும்.

```
1.40    0.1461
0.80   -0.0969
1.30    0.1139
0.85   -0.0706
1.25    0.0969
கூட்டல்  0.1894
```

இதை ஐந்தால் வகுத்தால் 0.0379. ஆன்டிலாக் பக்கத்தில் அதற்கு நேரே 1.091 இருக்கும். அதாவது ஆண்டுக்கு 9.1 சதவீதம். சரிபார்க்க 1.091-ஐ ஐந்து முறை பெருக்கி ஒரு லட்சத்தால் பெருக்குங்கள், 1,54,570 வரும். 130 ரூபாய் வித்தியாசம் நான்கு இலக்க அட்டவணையால் வருவது, அதை விட்டுவிடலாம். 12 சதவீதத்தை வைத்து இதே சோதனையைச் செய்தால் 1,76,234 வரும். நீங்கள் தேடுகிற 21,500 ரூபாய் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை.

அட்டவணையில் இன்னொன்றையும் கவனியுங்கள். 0.80-க்கும் 1.25-க்கும் ஒரே எண்தான், குறி மட்டும் மாறியிருக்கிறது. 20 சதவீத இறக்கத்தை ஈடுகட்ட 25 சதவீத ஏற்றம் வேண்டும் என்பதை லாக் அப்படிக் காட்டுகிறது. சாதாரணச் சராசரியோ அந்த இரண்டு வருடத்துக்கு 2.5 சதவீத லாபம் என்று சொல்லும், கையில் காலணா கூடியிருக்காது.

லாக் டேபிளில் கை தடுமாறுகிற இடம் ஒன்றுக்குக் கீழே உள்ள எண்கள்தான். 0.80-க்குப் புத்தகத்தில் 9031 என்றுதான் இருக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், 0.9031 கழித்தல் 1 என்றால் -0.0969. மகள் இதை 1-இன் தலையில் கோடு போட்டு எழுதியிருப்பாள். கூட்டி வகுக்கும்போது அந்தக் கோடு தொல்லை, குறைக் குறியோடு எழுதிக்கொள்வதே நல்லது. கழிக்க மறந்தால் விடை ஆண்டுக்கு 174 சதவீதம் என்று வரும். அதைப் பார்த்ததுமே எங்கே தவறியது என்று தெரிந்துவிடும். அதேபோல 40, 20 என்று சதவீதத்துக்கே லாக் எடுக்கக் கூடாது, எப்போதும் பெருக்கு எண்ணுக்குத்தான்.

வருடம் முழுதாக முடியாவிட்டால்? ஆறாம் வருடத்தில் ஏழு மாதம் ஓடி, அதற்குள் 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.06-இன் லாக் 0.0253. கூட்டல் 0.2147 ஆகும். இதை ஆறால் வகுத்தால் ஏழு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக எண்ணிவிடுவீர்கள், விடை 8.6 சதவீதமாகக் குறைந்துவிடும். வகுக்க வேண்டியது உண்மையான காலத்தால், அதாவது 5.58-ஆல். 0.0385 வரும், ஆண்டுக்கு 9.3 சதவீதம்.

இனி ஃபண்டுகளை ஒப்பிடும்போது இது எங்கே உதவும்? இன்னொரு ஃபண்ட் ஐந்து வருடத்தில் 10, 8, 11, 9, 9 என்று நிதானமாக ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாதாரணச் சராசரி 9.4 தான். ஏஜென்ட் தாளில் 12-க்குப் பக்கத்தில் அது இளைத்துத் தெரியும். ஆனால் ஒரு லட்சம் அதில் 1,56,672 ஆகியிருக்கும், உங்களுடையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் கூட. அதன் பெருக்கல் சராசரியும் கிட்டத்தட்ட 9.4 தான். ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால் இரண்டு சராசரிகளும் ஒட்டி நிற்கும், ஆட்டம் கூடக் கூட இடைவெளி விரியும். சாதாரணச் சராசரி ஒருபோதும் பெருக்கல் சராசரியைவிடக் குறையாது. அதனால்தான் அதைச் சொல்வது விற்பவருக்கு வசதி.

ஃபண்ட் நிறுவனத்தின் ஃபேக்ட்ஷீட்டில் மூன்றாண்டு, ஐந்தாண்டு வளர்ச்சியைச் சிஏஜிஆர் என்று போட்டிருப்பார்கள். நாம் மேலே கண்டுபிடித்தது அதுவேதான். ஏஜென்ட் கையால் எழுதித் தரும் தாளை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கேளுங்கள். ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவி, வாங்கிய அன்றையதும் இன்றையதும் கிடைத்தால் இடையில் உள்ள வருடங்களே வேண்டாம். பின்னதை முன்னதால் வகுத்து ஒரே ஒரு லாக் எடுத்து, காலத்தால் வகுத்து, ஆன்டிலாக் பார்த்தால் போதும். குரோத் வகையாக இருந்தால்தான் இந்தக் குறுக்கு வழி. டிவிடெண்ட் கைக்கு வந்திருந்தால் என்ஏவி அந்த அளவுக்கு இறங்கியிருக்கும், விடை குறைவாக வரும்.

இதெல்லாம் மொத்தமாக ஒரே முறை போட்டு, நடுவில் தொடாமல் விட்ட பணத்துக்கு. மாதாமாதம் எஸ்ஐபி கட்டியிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் காலம் வேறு, அங்கே லாக் டேபிள் போதாது. தேதியையும் தொகையையும் எக்செலில் இரண்டு வரிசையாகப் போட்டு, கட்டியதைக் குறைக் குறியோடும், இன்றைய மதிப்பைக் கடைசி வரியில் கூட்டல் குறியோடும் எழுதி `XIRR` கொடுங்கள்.