‘ஒரு மடக்குத் தண்ணிதானே, டொக்டர்?’: அப்பெண்டிசைட்டிஸ் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: திருகோணமலையில் மயக்க மருந்துப் பிரிவில் பணியாற்றும் வைத்தியர்

மூதூர் வாசகர்: வலப்பக்கம் அடிவயிறு வலிச்சா அப்பெண்டிக்ஸ் எண்டு எடுக்கலாமா?

இடத்தை விட வலி வந்த ஒழுங்குதான் முக்கியம். பெரும்பாலும் அது தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். “எங்கே வலிக்குது?” என்று கேட்டால் பிள்ளை உள்ளங்கையால் வயிற்றின் நடுவைத் தடவிக் காட்டும். அடுத்ததாகச் சாப்பாடு பிடிக்காமல் போகும். பிறகு ஒன்றிரண்டு தடவை சத்தி வரும். அரை நாள், சில வேளை ஒரு நாள் கழித்து வலி வலப்பக்கம் கீழே இறங்கும். இப்போது அதே பிள்ளை உள்ளங்கையை விட்டுவிட்டு ஒரு விரலால் காட்டும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த விரல் நிற்கும்.

வலி இடம் மாறக் காரணம் உண்டு. குடல்வால் உள்ளே அடைபட்டு வீங்கும்போது எழும் வலியை மூளை தொப்புள் பக்கம் என்றுதான் வாசிக்கும். வீக்கம் வெளிச்சுவர் வரை வந்து வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகே சரியான இடம் தெரியும். அந்தச் சவ்வு அசைவைத் தாங்காது. இருமினால், ஒற்றைக்காலில் குதித்தால், ஓட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கினால் அந்த இடத்தில் சுரீரென்று குத்தும். வரும் வழியில் பள்ளங்களில் வலித்ததா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

முதலில் சத்தியும் வயிற்றோட்டமும் வந்து, பிறகு வலி வந்தால் வேறு காரணங்களையும் யோசிப்போம். ஆனால் குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கினால் வயிற்றோட்டமோ சிறுநீர் எரிவோ போலவே காட்டும். பின்பக்கம் ஒளிந்திருந்தால் முன்வயிறு அவ்வளவாக வலிக்காது. ஒழுங்கு பொருந்தவில்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

உப்புவெளி வாசகர்: எனக்கு 3 வருசமா வலப்பக்கம் இடைக்கிடை குத்துது. இதுவும் அதுதானா?

இன்றைய பேச்சு மணித்தியாலக் கணக்கில் ஓடும் வருத்தத்தைப் பற்றியது. உங்களுடையது கிளினிக்கில் ஆறுதலாகப் பார்க்க வேண்டியது.

கிண்ணியா வாசகி: தொப்புளைச் சுத்தி வலிச்சா கேஸ்தானே டொக்டர்? எங்கட உம்மா கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பா. அது நல்லம்தானே?

தடிமனுக்கு நல்லம். அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகம் வந்த வயிற்றுக்கு வேண்டாம்.

மயக்க மருந்து ஏறியதும் விழுங்கும் உணர்வும் இருமும் உணர்வும் போய்விடும். இரைப்பையில் கிடப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் தடுக்க ஆளில்லை. புளிப்பு நீரும் சோற்றுப் பருக்கையும் நுரையீரலுக்குள் போனால், குடல்வாலை விடப் பெரிய வருத்தம் அங்கே தொடங்கும். அதனால்தான் சாதாரண சத்திரசிகிச்சைக்குத் திண்ம உணவுக்கு 6 மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலம் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கு சுகமான வயிற்றுக்கு. வலியும் அழற்சியும் உள்ள வயிறு உணவைக் கீழே தள்ளாது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட இடியப்பம் காலையில் அப்படியே சத்தியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இப்படி வருபவரை எத்தனை மணித்தியாலம் கழிந்திருந்தாலும் நிறைந்த வயிறு என்று எண்ணித்தான் மயக்குவோம். அப்படியென்றால் ஏன் பட்டினி என்று கேட்பீர்கள். உள்ளே 50 மில்லிலீற்றர் கிடப்பதும் அரை லீற்றர் கிடப்பதும் ஒன்றல்ல. அழற்சி வயிறு முழுக்கப் பரவிவிட்டால் குடல் அசைவதையே நிறுத்திவிடும். குடித்ததெல்லாம் தேங்கி வயிறு ஊதும். உடம்புக்கு வேண்டிய தண்ணீரை நாங்கள் சேலைனாக நரம்பு வழியே கொடுப்போம்.

நிலாவெளி வாசகர்: செவ்விளநீர்? அது குளிர்ச்சிதானே.

இல்லை.

சாம்பல்தீவு வாசகி: சீனி போடாத பிளேன்ரீ ஒரு மடக்கு?

மேலே எழுதியதை வாசியுங்கள். சோடா, கஞ்சித் தண்ணி, ஜீவனி என்று இனி வரப்போகும் கேள்விகளுக்கும் பதில் அதுதான்.

கந்தளாய் வாசகர்: அம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுறவ. அவவும் பட்டினி கிடக்கலாமா?

இது வேறு, நல்ல கேள்வி. சாப்பிடாதபோது வழமையான இன்சுலினைப் போட்டால் சீனி கீழே விழும். ஊசியையும் குளிசையையும் நீங்களாகப் போடாமலும், நீங்களாக நிறுத்தாமலும், வெளிக்கிட முன் வார்டுக்கோ உங்கள் டொக்டருக்கோ அழைத்துக் கேளுங்கள். வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் பட்டினி விதி செல்லாது. சுயநினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் சீனித்தண்ணி கொடுங்கள். கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இன்னொன்று: வயதானவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் காய்ச்சலும் வலியும் மெல்லிசாகத்தான் காட்டும். உள்ளே வெடித்திருந்தாலும் “கொஞ்சம் அசதி” என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், உட்துறைமுக வீதி: ஒரு பெரிய விஷயத்தை விட்டுட்டீங்கள். டொக்டர் வயித்தைத் தொட்டுப் பார்க்க முதல் வலி மருந்து ஒண்டும் குடுக்கக்கூடாது. நோய் மறைஞ்சிடும்.

பாதி சரி, அண்ணை. கை மட்டுமே கருவியாக இருந்த காலத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். பிறகு நோயாளிகளுக்கு மோர்பீன் கொடுத்தே பரிசோதித்துப் பார்த்தார்கள். வலி தணிந்தது. அழுத்தினால் நோகும் இடம் அங்கேயே இருந்தது. வயிற்றை இறுக்கிப் பிடித்து அழும் பிள்ளையை விட, மருந்து போட்டு அமைதியான பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இலகு.

அதே மருந்தாளர்: 40 வருசம் கவுண்டரில நிண்டனான். பின்வழியாப் போடுற வொல்டரன் வாங்கிக்கொண்டு போய், ரெண்டு நாள் கழிச்சு வயிறு வீங்கி வந்த ஆக்கள் எத்தனை பேர் தெரியுமா?

அதுதான் உங்கள் பேச்சின் சரியான பாதி. குற்றம் மருந்து கொடுத்ததில் இல்லை. கொடுத்துவிட்டு வீட்டில் இருந்ததில்தான். வொல்டரன் வலியோடு காய்ச்சலையும் இறக்கிவிடும். வாயால் போகாததால் பட்டினிக்கும் பிழையில்லை என்று சனம் நினைக்கும். ஒரு இரவு கைவிட்டுப் போகும்.

திருக்கடலூர் வாசகி: என்ர தங்கச்சிக்கு வைத்தியசாலையில 5 மணித்தியாலம் வலிக்கு ஒண்டும் குடுக்கேல்ல. இந்த அண்ணை சொல்லுற கதையைத்தான் அங்கயும் சொன்னவை.

நரம்பு வழியே வலிமருந்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

அதே மருந்தாளர்: சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ. வீட்டில பனடோல் குடுக்கலாமா, இல்லையா?

நகருக்குள் இருப்பவருக்குத் தேவையில்லை. வந்தால் நரம்பு வழியே தருவோம். புல்மோட்டையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வண்டியில் வர வேண்டிய பிள்ளைக்கு, ஒரு வாய்த் தண்ணியோடு அளவான பனடோலை நான் குற்றமாகப் பார்க்க மாட்டேன். என் பிரிவிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அன்புவழிபுரம் வாசகர்: மலம் இறுகினதாலதான் வலி எண்டு ஆமணக்கெண்ணெய் குடுக்கிறவை. அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?

இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். பேதிக்குக் கொடுக்க வேண்டாம், எனிமாவும் வேண்டாம். வீங்கி, சுவர் அழுகத் தொடங்கிய குழாயைச் சுற்றிக் குடலை முறுக்கிப் பிழிந்தால் அது கிழியும்.

குச்சவெளித் தாய்: மகனுக்கு 11 வயசு. முந்தநாள் பின்னேரம் தொப்புளடியில வலி. இரவு ரெண்டு தரம் சத்தி. நேற்றுக் காலமை வலப்பக்கம். இரவெல்லாம் முழங்கால மடக்கிக்கொண்டு அழுதவன். இண்டைக்கு விடிய வலி சட்டெண்டு குறைஞ்சிட்டுது. சோறு கேக்கிறான். குடுக்கட்டா?

கொடுக்க வேண்டாம் அம்மா. வாசித்து முடிக்க முன் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் வெளிக்கிடுங்கள்.

மற்றவர்களுக்காக விளக்குகிறேன். முந்தநாள் பின்னேரத்திலிருந்து இன்று விடிய வரை கிட்டத்தட்ட ஒன்றரை நாள். குடல்வால் வெடிக்கக்கூடிய நேரம் இது. அழுத்தம் ஏறிய குழாய் கிழிந்ததும், இழுபட்ட வலி சட்டென்று இறங்கும். பிள்ளை தெளிவாகத் தெரிவான். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். உள்ளேயோ சீழ் வயிற்றறைக்குள் பரவத் தொடங்கியிருக்கும். சில மணித்தியாலத்தில் வலி திரும்ப வரும், இந்த முறை வயிறு முழுவதும்.

அப்போதைய தோற்றமே வேறு. முன்பு புரண்டு அழுத பிள்ளை இப்போது அசையாமல் கிடப்பான். மூச்சைக்கூட மேலோட்டமாக எடுப்பான், வயிறு அசைந்தால் நோகும். தொட்டால் வயிறு பலகை போல இருக்கும். பிறகு ஊதும். சத்தி பச்சையாக மாறும். காய்ச்சல் 38.5க்கு மேல் ஏறும், நாடி ஓடும், வாய் காயும், சிறுநீர் குறையும். கை கால் குளிர்ந்து, பிள்ளை மந்தமாகிவிட்டால் நேரம் மிகக் குறைவு. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நாடி ஏறிக்கொண்டே போனால், வலி குறைந்தது என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

உங்கள் மகனுக்கு வெடிக்காமலும் இருக்கலாம். வலி உண்மையிலேயே தணிந்தும் இருக்கலாம். அதை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வயிற்றில் வைக்கும் கையும் சொல்லட்டும்.

அன்புவழிபுரம் வாசகர்: வெடிச்சா ஒப்பரேசன் கட்டாயமா? வெளிநாட்டில அன்டிபயோடிக் மட்டும் குடுத்து மாத்துகினமாமே?

அது வெடிக்காத, ஸ்கேனில் தெளிவாகப் பார்த்த குடல்வாலுக்கு. பின்லாந்தில் அப்படிச் சிகிச்சை பெற்ற வளர்ந்தவர்களில் 100க்கு 39 பேருக்கு 5 ஆண்டுக்குள் குடல்வாலை எடுக்க வேண்டி வந்தது. வெடித்ததற்கு என்ன செய்வது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். நான் மயக்குகிறவன்.

குச்சவெளித் தாய்: வந்து சேர்ந்திட்டம். சேலைன் ஏத்தினவை. தண்ணி தண்ணி எண்டு அழுறான்.

சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கு நுனியையும் துடைத்து விடுங்கள். பிழிந்து ஊற்றக் கூடாது. கடைசியாக எப்போது, என்ன உள்ளே போனது என்று தியேட்டரில் கேட்பார்கள்.

குச்சவெளித் தாய்: வண்டி வர முதல், அழுதானெண்டு அரை பிஸ்கட் குடுத்திட்டன் டொக்டர். வார்டில கேக்கேக்க ஒண்டும் குடுக்கேல்லயெண்டு சொல்லிப்போட்டன்.

இப்போதே போய் நேர்சிடம் அரை பிஸ்கட், இத்தனை மணி என்று சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு வாருங்கள்.