முதிய பூனை இரவில் ஓலமிடுவது

"பதின்மூன்று வயதுப் பெண் பூனை, கருத்தடை செய்தது. இரண்டு மாதமாக நள்ளிரவில் ஓலமிட்டு எல்லோரையும் எழுப்புகிறது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. என்ன செய்யலாம்?"

வணக்கம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்பதே இதில் முக்கியமான குறிப்பு என்பதால், இதைப் பழக்கக் கோளாறாகக் கருதுவதற்கு முன் தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து வயதைக் கடந்த பூனைகளில் அடிக்கடி காணப்படும் இந்நோயில் உடல் ஓயாமல் முடுக்கப்படுவதால், பசியும் அமைதியின்மையும் கூடி, வீடு அடங்கிய நேரத்தில் ஓலம் எழுகிறது.

கால்நடை மருத்துவரிடம் தைராய்டு ஹார்மோனை அளக்கும் டி4 இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். உயர் இரத்த அழுத்தம் தானாகவே ஓலத்துக்குக் காரணமாகலாம். கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்து பார்வை திடீரெனப் போய்விடக்கூடும். ஆரம்ப நிலையில் டி4 அளவு இயல்பாகவே தெரியலாம் என்பதால், மெலிவு தொடர்ந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நோய் உறுதியானால் பெரும்பாலும் மெத்திமசோல் மாத்திரையில் தொடங்குவார்கள். தைராய்டு மிகை சிறுநீரகக் குறைபாட்டை மறைத்து வைத்திருக்கக்கூடும் என்பதால், மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரத்தத்தை மீண்டும் சோதிப்பதைத் தவிர்க்காதீர்கள்.

எல்லாம் இயல்பாக இருந்தால், வலியையும் முதுமையின் மனத்தடுமாற்றத்தையும் மருத்துவர் பரிசீலிப்பார். தடுமாற்றம் உள்ள பூனைக்கு மலத்தொட்டிக்குச் செல்லும் வழியில் சிறு இரவு விளக்கும், உறங்கும் முன் சற்று விளையாட்டும் அதன்பின் உணவும் உதவும். எக்காரணமாயினும் அதட்டாதீர்கள், அச்சம் ஓலத்தைக் கூட்டும். பரிசோதனை முடியும்வரை, கத்தட்டும் என்று கதவடைத்து விடுவதும் சரியன்று.