ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் வகுத்தல் எங்கே நடக்கிறது?

கேள்வி: தரவில் பிழை புகுந்ததா என்று சோதிக்கும் சி.ஆர்.சி. என்பது பல்லுறுப்புக்கோவை வகுத்தலின் மீதி என்கிறார்கள். ஆனால் சிப்புக்குள் இருப்பது ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் இரண்டு மூன்று எக்ஸார் கேட்டுகளும்தான். இதில் வகுத்தல் எங்கே நடக்கிறது? சி.ஆர்.சி. சரியாக வந்தால் தரவை அப்படியே நம்பிவிடலாமா?

பதில்:

நீலகிரியில் காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைச் சரிவுகளிலும் உறைபனியைக் கண்காணிக்க வெப்பநிலை சென்சார்கள் பொருத்துவது என் வேலை. அவற்றில் பெரும்பாலானவை DS18B20 வகை. அந்தச் சிப்பின் எட்டு பிட் சி.ஆர்.சி.யை வைத்தே உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லலாம். அதற்கு முன், தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய சிறிய கணக்கு ஒன்றைச் செய்துவிடுவோம்.

செய்தி 1010 என்றும், வகுக்கும் கோவை x³+x+1 என்றும் கொள்வோம். கெழுக்களை மட்டும் எழுதினால் வகுத்தி 1011 ஆகும். வகுத்தியின் படி மூன்று என்பதால் செய்தியின் பின்னால் மூன்று சுழியங்களைச் சேர்த்து வகுக்க வேண்டும். கெழுக்கள் 0, 1 மட்டுமே. கடன் வாங்குதலோ மீதம் கொண்டுசெல்லுதலோ கிடையாது. கழித்தல் என்பது எக்ஸார்தான். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: முன்னிலை பிட் 1 என்றால் வகுத்தியைக் கழிக்க வேண்டும், 0 என்றால் அடுத்த பிட்டை இறக்கிக்கொண்டு நகர வேண்டும்.

```
1010000
1011
   1000
   1011
    011
```

முதல் இடத்திலும் நான்காம் இடத்திலும் கழித்தோம், நடுவில் இருந்த இரண்டிலும் கழிக்கவில்லை. எனவே ஈவு 1001, மீதி 011.

இனி மூன்று பிட் ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்முனையிலிருந்து வெளியேறும் பிட்டையும் உள்ளே வரும் செய்தி பிட்டையும் எக்ஸார் செய்தால் கிடைப்பதே பின்னூட்ட பிட். அதை fb என்று வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டர் ஓர் இடம் இடப்பக்கம் நகரும். fb 1 ஆக இருந்தால் 011 அதன்மேல் எக்ஸார் ஆகும். வகுத்தி 1011 இல் முதலில் நிற்கும் 1 எங்கே போயிற்று என்று கேட்டால், அது வெளியே தள்ளப்பட்ட பிட்டோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது. அதை வைத்திருக்க ரெஜிஸ்டரில் இடம் தேவையில்லை.

```
in  fb  reg
        000
1   1   011
0   0   110
1   0   100
0   1   011
```

fb நிரலை மேலிருந்து கீழாகப் படியுங்கள்: 1001. இது நாம் தாளில் கண்ட அதே ஈவு. பின்னூட்டக் கம்பியில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஈவின் ஓர் இலக்கம் பிறக்கிறது. அந்த இலக்கம் 1 ஆகும்போதெல்லாம் டேப்புகளின், அதாவது பின்னூட்டம் ரெஜிஸ்டரில் கலக்கும் இடங்களின், வழியாக வகுத்தி கழிக்கப்படுகிறது. கடைசியில் ரெஜிஸ்டரில் தங்குவது மீதி. ஈவு யாருக்கும் தேவைப்படாததால் சிப் அதைச் சேமிப்பதில்லை. வகுத்தல் எங்கே என்ற உங்கள் கேள்விக்கு என் விடை அந்த ஒற்றைக் கம்பிதான். செய்தி பிட்டைக் கீழ்முனையில் நுழைக்காமல் மேல்முனையில் கலப்பதால், சேர்க்க வேண்டிய மூன்று சுழியங்களுக்கெனத் தனியாக மூன்று துடிப்புகளும் தேவைப்படுவதில்லை. பெறும் முனையில் செய்தியைத் தொடர்ந்து 0, 1, 1 என்ற மீதியையும் அதே ரெஜிஸ்டருக்குள் செலுத்தினால், அது 110, 100, 000 என்று மாறிச் சுழியத்தில் வந்து நிற்கும்.

DS18B20 இன் கோவை x⁸+x⁵+x⁴+1. ரெஜிஸ்டரில் எட்டு அறைகள், மொத்தம் மூன்று எக்ஸார் கேட்டுகள்: ஒன்று உள்ளீட்டில், மற்ற இரண்டும் x⁵, x⁴ ஆகிய உறுப்புகளுக்குரிய இடங்களில். கோவையிலுள்ள 1 என்ற உறுப்புக்குக் கேட்டு வேண்டாம். பின்னூட்டம் நேராக முதல் அறைக்குள் போகிறது. இந்தச் சென்சார் ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்டை முதலில் அனுப்புவதால், மென்பொருளில் ரெஜிஸ்டரைத் திருப்பிப்போட்டு வலப்பக்கம் நகர்த்துகிறோம்; x⁸ நீங்கலான கெழுக்களும் திரும்பி 0x31 என்பது 0x8C ஆகிறது.

```c
uint8_t crc8(const uint8_t *p, uint8_t n) {
  uint8_t crc = 0;
  while (n--) {
    uint8_t b = *p++;
    for (uint8_t i = 0; i < 8; i++) {
      uint8_t fb = (crc ^ b) & 1;
      crc >>= 1;
      if (fb) crc ^= 0x8C;
      b >>= 1;
    }
  }
  return crc;
}
```

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலைகுந்தா பக்கம் ஒரு கேரட் தோட்டத்தில் ஜனவரி மாத இரவொன்றில் சென்சார் விடிய விடிய 0.0 டிகிரி என்றே காட்டியது. ஒவ்வொரு முறையும் சி.ஆர்.சி. சரியாகவே இருந்தது. கோடையில் இப்படி வந்திருந்தால் உடனே சந்தேகம் எழுந்திருக்கும். உறைபனிக் காலத்தில் அந்தப் பள்ளத்தில் சுழியம் என்பது நம்பத் தகுந்த அளவுதான். ஆனால் புல்லின்மேல் வெள்ளைப் பூச்சு எதுவும் இல்லை. இணைப்பியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இறங்கிய ஈரத்தால் தரவுக் கம்பி தரைக்கம்பியோடு சேர்ந்திருந்தது தெரிந்தது. கட்டுப்படுத்தி படித்த ஒன்பது பைட்டுகளும், அதாவது 72 பிட்டுகளும், சுழியங்கள்.

இது ஏன் தேறியது என்பதை வகுத்தலாகப் பார்த்தால் உடனே புரியும். சுழியத்தை எதனால் வகுத்தாலும் மீதி சுழியமே. ரெஜிஸ்டர் சுழியத்தில் தொடங்கி, உள்ளீடும் சுழியமாகவே வந்தால் fb ஒருமுறைகூட 1 ஆகாது. எட்டு அறைகளும் அசையாமல் நிற்கும். ரெஜிஸ்டரை 0xFFFF இல் தொடங்கும் மோட்பஸ் போன்ற முறைகளில் இந்த ஓட்டை இல்லை. DS18B20 இலோ தொடக்க மதிப்பு சிப்புக்குள்ளேயே சுழியமாக அமைந்திருக்கிறது. நாம் அதை மாற்ற முடியாது. கம்பி அறுந்து எல்லாமே 1 ஆக வரும் நிலைமை வேறு: 72 ஒன்றுகள் கொண்ட கோவை இந்த வகுத்தியால் மீதியின்றி வகுபடாது, ஆகவே பிழை தெரிந்துவிடும்.

சி.ஆர்.சி. கண்டுபிடிக்கத் தவறும் பிழைகளுக்கும் காரணம் இதே வகுத்தல்தான். வந்த தரவு என்பது அனுப்பிய தரவின்மேல், புரண்ட பிட்டுகளின் இடங்களில் மட்டும் 1 கொண்ட பிழைக்கோவை எக்ஸார் ஆனது. அந்தப் பிழைக்கோவை வகுத்தியின் மடங்காக இருந்தால் மீதி மாறாது. நம் வகுத்திக்கு x+1 ஒரு காரணி என்பதால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் புரளும் பிட்டுகள் எப்போதும் பிடிபடும். மற்றொரு காரணி படி ஏழு கொண்டது. அது xⁿ+1 ஐ மீதியின்றி வகுக்கும் மிகச்சிறிய n, அதாவது அதன் சுழற்சி, 127 என்பதால் 72 பிட்டுகளுக்குள் எந்த இரண்டு பிட்டுகள் புரண்டாலும் பிடிபடும். எட்டு பிட் அகலத்துக்குள் அடங்கும் பிழைக்கொத்தும் தப்பாது. ஆனால் வகுத்தியின் நான்கு உறுப்புகளைப் போலவே இடைவெளி விட்டு நான்கு பிட்டுகள் புரண்டால் ரெஜிஸ்டருக்கு அது தெரியவே தெரியாது. முற்றிலும் தாறுமாறான தரவு வந்தால் 256 இல் ஒரு முறை தற்செயலாகத் தேறிவிடும்.

ஆகவே சி.ஆர்.சி.யோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒன்பது பைட்டுகளில் ஐந்தாவது, அமைப்புப் பைட். அதன் கீழ் ஐந்து பிட்டுகள் இந்தச் சென்சாரில் எப்போதும் 1 ஆகவே இருக்கும்.

```c
bool ok = crc8(s, 9) == 0 && (s[4] & 0x1F) == 0x1F;
```

பன்னிரண்டு பிட் துல்லியத்தில் அந்தப் பைட் 0x7F ஆக இருந்து, வெப்பநிலைப் பைட்டுகள் இரண்டும் சுழியமாக வந்தால், தோட்டத்தில் உண்மையிலேயே சுழிய டிகிரிதான். விடிவதற்குள் நாற்றுகளைக் காய்ந்த புல்லால் மூடச் சொல்லித் தோட்டக்காரருக்குத் தகவல் அனுப்பலாம்.