50-இல் அமைதி, 38-இல் ஆட்டம்: ஐ.டி. ஃபேன் ஏன் அதிர்கிறது?

*கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்குப் புழுங்கல் அரிசி ஆலை. உமி பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேனுக்கு, கரண்ட் மிச்சமாகும் என்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. போட்டோம். 50 ஹெர்ட்ஸில் சுமாராக ஓடுகிறது. 38-க்கு இறக்கினால் ஃபேன் நிற்கும் இரும்பு மேடையே ஆடுகிறது. ஃபேனுக்குள் சுற்றும் பிளேடு சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி பட்டறையில் பேலன்ஸ் செய்தோம், ஜி 6.3 என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். மாட்டினால் அதே ஆட்டம். பேரிங்கும் மாற்றியாகிவிட்டது. பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?*

ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. சர்டிபிகேட்டும் உண்மையாக இருக்கலாம், ஆட்டமும் உண்மையாக இருக்கலாம். வேகத்தைக் குறைத்தால் அதிர்வு கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

எந்த இம்பெல்லரும் நூற்றுக்கு நூறு சமமாக இருக்காது. ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருக்கும். சுற்றும்போது அந்தக் கூடுதல் எடை வெளிப்பக்கமாக இழுக்கும். இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அப்படியானால் 1450 ஆர்.பி.எம்.-இல் (உங்கள் 50 ஹெர்ட்ஸ்) இழுவை அதிகமாகவும், 1100-இல் (38 ஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும். இழுவை குறைந்த இடத்தில் ஆட்டம் கூடுகிறது என்றால், குற்றவாளி இம்பெல்லர் மட்டும் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் மேடைக்கும் பங்கு இருக்கிறது.

வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட தென்னை மரப் பாலத்தில் நடந்தவர்களுக்கு இது தெரியும். வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நடுவில் ஒரு நடை இருக்கிறது, காலடியும் மரத்தின் துள்ளலும் ஒன்று சேரும் நடை. அப்போது ஒவ்வொரு அடியும் முந்தைய துள்ளலோடு சேர்ந்துகொள்ளும். இதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். உங்கள் மேடைக்கும், அதன் விறைப்பையும் அது தாங்கும் எடையையும் பொறுத்து, இப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வினாடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது தடவை என்ற இடத்தில் இருக்கிறது. 1100 ஆர்.பி.எம். என்பதும் வினாடிக்கு 18.3 சுற்றுதான்.

ஒத்ததிர்வில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது இழுவையின் அளவோ மேடையின் விறைப்போ மட்டும் அல்ல. அமைப்பு எவ்வளவு ஆற்றலை விழுங்கித் தணிக்கிறது என்பதே முக்கியம். வெல்டிங் செய்த இரும்பு மேடை அதில் படு மோசம். விசை பத்து மடங்கு, சில சமயம் இருபது மடங்கு பெருகி வெளியே தெரியும்.

இப்போது சர்டிபிகேட்டுக்கு வருவோம். ஃபேன் அளவை நீங்கள் எழுதவில்லை, இம்பெல்லர் 140 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 1450 ஆர்.பி.எம்.-க்கு ஜி 6.3 என்ற தரம், 400 மி.மீ. ஆரத்தில் சுமார் 14 கிராம் வரை மிச்சம் இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஃபேன்களுக்கு இது வழக்கமான, நியாயமான அளவு. அந்த 14 கிராம் 1100-இல் ஏழெட்டு கிலோ எடை அளவுக்கு இழுக்கும். சாதாரணமாக யாரும் கவனிக்கவே மாட்டார்கள். பத்து மடங்கு பெருகினால் எண்பது கிலோ ஆள் ஒருவர் மேடையை வினாடிக்குப் பதினெட்டு முறை இழுத்துத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும்.

போதாததற்கு, கழற்றிச் செய்யும் பேலன்ஸில் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டறையில் இம்பெல்லரை மேண்ட்ரல் என்ற அவர்களுடைய தண்டில் மாட்டிப் பார்ப்பார்கள். உங்கள் ஷாஃப்டில் அது வேறு மாதிரி உட்காரும். ஹப்பில் லூஸ் இருந்து, கிரப் ஸ்குரூவை முறுக்கும்போது இம்பெல்லர் 0.05 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்தால் போதும், 400 மி.மீ. ஆரத்தில் 17 கிராம் வைத்த மாதிரி ஆகிவிடும். அதாவது பட்டறை விட்டுவைத்த மிச்சத்தை விட அதிகம். அதனால் ஃபேனை அதன் இடத்திலேயே, அதன் ஷாஃப்டிலேயே பேலன்ஸ் செய்யச் சொல்வேன்.

அதற்கு முன்னால் ஒத்ததிர்வுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வி.எஃப்.டி.யில் நிறுத்தும் முறையை, ஃபேன் தானாகச் சுற்றி ஓயும் ஃப்ரீ-ரன் ஆக்கி, 50-இல் ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி மேடைச் சேனலின் மேல் வைத்துப் பார்த்தாலே தெரியும். வேகம் குறையக் குறைய தண்ணீர் சீராக அடங்கினால் அது வெறும் சமனின்மை. நடுவில் ஒரு கணம் தண்ணீர் துள்ளி அப்புறம் அடங்கினால் ஒத்ததிர்வு. நிறுத்தியபின் ரப்பர் சுத்தியலால் பேரிங் பெடஸ்டலைப் பக்கவாட்டில் தட்டி, அதிர்வெண் காட்டும் மீட்டரில் பார்த்தால் எண்ணே கிடைக்கும். மேடை பக்கவாட்டில்தான் மெலிவாக இருக்கும், அதனால்தான் அந்தத் திசையில் தட்டச் சொல்கிறேன். முக்கியமாக, அஸ்திவார போல்ட்டுகளைச் சோதித்த பிறகே இதெல்லாம். தளர்ந்த போல்ட்டும் இப்படியே ஆட்டம் காட்டும்.

சரி, பேலன்ஸ் செய்யும் விதம். கும்பகோணம் பக்கம் இதே அளவு ஃபேனில் செய்த கணக்கைச் சொல்கிறேன். கோணம் காட்டும் கருவி தேவையில்லை, கையடக்க அதிர்வு மீட்டர் போதும். ஓட்டிய வேகம் 50 ஹெர்ட்ஸ், 38 அல்ல. ஒத்ததிர்வு வேகத்தில் ஆர்.பி.எம். துளி மாறினாலும் அதிர்வின் அளவும் திசையும் தாவும், கணக்கு ஒட்டவே ஒட்டாது. எல்லா ஓட்டங்களும் ஒரே வேகத்தில், மீட்டர் முனை ஒரே புள்ளியில், அங்கே ஒரு சாக்பீஸ் குறி.

முதல் ஓட்டத்தில் எதுவும் சேர்க்காமல் பார்த்தோம்: வினாடிக்கு 8 மி.மீ. பிறகு பின்தட்டில் 400 மி.மீ. ஆரத்தில் சமதூரத்தில் மூன்று புள்ளிகள் குறித்து, 20 கிராம் சோதனை எடையைப் போல்ட்டால் இறுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தடவை ஓட்டினோம். முதல் புள்ளியில் 6.1, இரண்டாவதில் 7.9, மூன்றாவதில் 13.0. ஒவ்வொரு முறையும் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டு போட்ட பிறகுதான் கதவைத் திறந்தோம். ஓடும்போது இம்பெல்லருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. போல்ட் கழன்றால் அது தோட்டா மாதிரிதான் வரும்.

இனி ஒரு வெள்ளைத் தாளும் காம்பஸும் போதும். ஒரு மி.மீ./வினாடியை ஒரு செ.மீ. என்று வைத்து 8 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். இம்பெல்லரில் உள்ள வரிசையிலேயே மூன்று புள்ளிகளை வட்டத்தின் மேல் குறியுங்கள். முதல் புள்ளியை மையமாக வைத்து 6.1, இரண்டாவதிலிருந்து 7.9, மூன்றாவதிலிருந்து 13.0 என்று வில் போடுங்கள். மூன்று வில்லும் ஓரிடத்தில் வெட்டும். எங்கள் தாளில் அந்த இடம் மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில், முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதை நோக்கி 50 டிகிரியில் விழுந்தது. அந்த 5 என்பது 20 கிராம் எடை உண்டாக்கும் அதிர்வு. நமக்குத் தேவை 8-ஐ அழிப்பது. 20-ஐ 8-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 32 கிராம். சோதனை எடையைக் கழற்றிவிட்டு, அந்த 50 டிகிரியில், அதே ஆரத்தில் 32 கிராம் வெல்டு செய்ய வேண்டும். வெல்டின் எடையும் அதில் அடக்கம்.

மூன்று வில்லும் ஓரிடத்தில் சேராமல் பெரிய முக்கோணமாக நின்றால், எடை வைக்கவே வைக்காதீர்கள். தளர்ந்த பெடஸ்டல், விரிசல் விட்ட மேடை, ஓட்டத்துக்கு ஓட்டம் உதிரும் சாம்பல் என்று ஏதோ ஒன்று கணக்கைக் கலைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அகலமான இம்பெல்லராக இருந்தாலும் இந்த ஒரு தட்டு முறை போதாது, இரண்டு பக்கமும் எடை வைக்க வேண்டியிருக்கும். வெல்டிங் எர்த் கிளாம்பை இம்பெல்லரிலேயே மாட்டுங்கள். மேடையில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் குழி போடும், புது பேரிங் ஒரு மாதத்தில் கத்த ஆரம்பிக்கும்.

அந்த ஃபேனில் 50 ஹெர்ட்ஸில் இருந்த 8, 1.6 ஆகக் குறைந்தது. 38-இல் இருந்த 26, 5 ஆனது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்ததைக் கவனியுங்கள். பேலன்ஸ் ஒத்ததிர்வை அழிப்பதில்லை, பெருகுவதற்கு உள்ளே போகும் விசையைத்தான் குறைக்கிறது. பெருக்கம் அப்படியே இருக்கும்.

அதனால் வேகத்தையும் விலக்க வேண்டும். வி.எஃப்.டி.யில் ஸ்கிப் ஃப்ரீக்வென்ஸி என்றொரு அமைப்பு உண்டு. 33 முதல் 43 ஹெர்ட்ஸ் வரை நிற்காதபடி வைத்தால் ஃபேன் அந்த இடைவெளியை வேகமாகக் கடந்து போகும். உலையின் காற்று இழுவையைப் பார்த்துத் தானாக வேகம் மாற்றும் வகையாக இருந்தால், 38 தேவைப்படும் நேரத்தில் 43-இல் நிறுத்தி, காற்று வழியில் உள்ள டேம்பரைக் கொஞ்சம் மூடிச் சமாளிக்க வேண்டும். கரண்ட் மிச்சம் சற்றுக் குறையும்தான், ஆனால் மேடை உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

‘ரெண்டு ஆங்கிள் வச்சு வெல்டு அடிச்சா நின்னுடும்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். விறைப்பைக் கூட்டினால் இயல்பு அதிர்வெண் மேலே ஏறும். விறைப்பு 1.7 மடங்கு ஆனால் அது 18.3-இலிருந்து 24-க்குப் போகும். 1450 ஆர்.பி.எம். என்பது வினாடிக்கு 24.2 சுற்று! 38-இல் இருந்த பிரச்சினையைத் தூக்கி 50-இல் வைத்த மாதிரி ஆகிவிடும். பயன் வேண்டுமென்றால் 29-க்கு மேல் தள்ள வேண்டும், அதற்கு விறைப்பு இரண்டரை மடங்கு ஆக வேண்டும். அது ரெண்டு ஆங்கிள் வேலை இல்லை. கான்கிரீட் அடித்தளத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நம் டெல்டா களிமண் நீர் கோர்க்கும் மாதங்களில் இளகிவிடும். கோடையில் தட்டிப் பார்த்துக் கிடைத்த எண் ஐப்பசி, கார்த்திகையில் சற்றுக் கீழே இறங்கியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்கிப் இடைவெளியை அகலமாக வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் ஓட்டத்துக்கு முன் இம்பெல்லரைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது பிளேடைத் தேய்க்கவும் செய்யும், பிளேடின் பின்பக்கம் அப்பிக்கொள்ளவும் செய்யும். அப்பியதில் ஒரு துண்டு விழுந்தாலே பத்திருபது கிராம் போய்விடும். சாம்பலோடு சேர்த்துப் பேலன்ஸ் செய்தால் அது சாம்பல் விழும் வரைக்கும்தான். சுத்தம் செய்தபின் 50 ஹெர்ட்ஸ் அளவை எடுத்து பெடஸ்டல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சம்பா நெல் அரவை முடிந்ததும் திரும்பச் சுத்தம் செய்து பாருங்கள். பழைய எண்ணே வந்தால் எடையைத் தொட வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் கூடியிருந்தால் பிளேடு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எடை வைப்பதற்கு முன் பிளேடின் தடிமனை அளந்து பார்த்துவிடுங்கள்.