எண்ணெய்ச் சட்டி ஆவியும் விளக்கொளியும்: உணவு விழா போஸ்டர் வரைபவர்களின் கேள்விகள்

இரவுக் கடைக் காட்சி. சட்டியிலிருந்து எழும் ஆவியை வெள்ளை பிரஷ்ஷால் போட்டேன், பஞ்சு ஒட்டினாற்போல இருக்கிறது. பிரஷ் சரியில்லையா?

பிரஷ்ஷில் கோளாறில்லை, விளக்கு நிற்கும் இடத்தில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரிகிற ஆவி நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அதில் படும் ஒளியில் பெரும்பகுதி வந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறும். ஆகவே விளக்கை ஆவிக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். ஆவிக்கு நேர் பின்னே இருட்டு இருக்கட்டும். விளக்கே பின்புலமாக வந்தால் அங்கே ஆவி கரைந்து போகும்.

ஆவிக்கென்று தனி நிறமும் கிடையாது. விளக்குப் பக்கம் இளம் ஆரஞ்சு, மேலே போகப் போக இரவின் சாம்பல் நீலம். லேயரை Screen-ல் வைத்து, பிரஷ்ஷின் Flow-வை 10% அளவில் குறைத்து, மூன்று நான்கு தடவையாக ஏற்றுங்கள். எண்ணெயை ஒட்டி மட்டும் ஒன்றும் போடாதீர்கள். சூடான நீராவி கண்ணுக்குத் தெரியாது. காற்றில் கொஞ்சம் ஆறிய பிறகே வெண்மை தெரியும். அந்தச் சிறு இடைவெளியை விட்டாலே பாதிப் பஞ்சு போய்விடும்.

விளக்கொளி என்றால் ஆரஞ்சுதானே சார்? நடுவிலும் அடர் ஆரஞ்சே பூசினேன். எரிகிற மாதிரி இல்லை.

நிறம் சரி, இடம்தான் மாறிவிட்டது. நடுவில் ஏறக்குறைய வெள்ளையான மஞ்சள், விளிம்பில்தான் ஆரஞ்சு, அதற்கப்பால் செம்பழுப்பு. வெளிச்சம் சட்டென்று குறையவும் வேண்டும். விளக்கிலிருந்து ஒரு முழத்தில் இருக்கும் தட்டுக்குக் கிடைப்பதில் கால் பங்குதான் இரண்டு முழத்தில் நிற்பவர் முகத்துக்கு.

நான் மொபைலில் படம் எடுக்கிறேன். ஃப்ளாஷ் போட்டால் ஆவியே விழுவதில்லை.

இங்கே பேச்சு வரைவதைப் பற்றி. ஆனாலும் காரணம் அதேதான்: ஃப்ளாஷ் முன்னாலிருந்து அடிக்கிறது. அணைத்துவிட்டு, விளக்கு ஆவிக்குப் பின்னால் வரும்படி நகர்ந்து நில்லுங்கள்.

திரையில் தகதகவென்று இருந்தது அச்சில் சேறாகிவிட்டது. A3, 300 dpi, எல்லாம் சரியாகத்தான் வைத்தேன்.

3508 × 4961 பிக்சல் இருந்தும் இது நடக்கும். திரை தானே ஒளிர்கிறது. அச்சில் தாளின் வெண்மைதான் உச்ச வெளிச்சம். விளக்கின் மையத்தில் மை படாமல் தாளை அப்படியே விடுங்கள். ஃபோட்டோஷாப்பில் அச்சகம் தந்த புரொஃபைலைப் போட்டு Proof Colors-ல் பாருங்கள். அங்கே மங்கும் ஆரஞ்சை மேலும் அடர்த்தியாக்கிப் பயனில்லை, சுற்றியுள்ள நீலத்தை இறக்குங்கள். ஆட்களின் உடை, கடைக் கூரை போன்ற நிழல் விவரங்களைக் கொஞ்சம் வெளுக்க வைத்துவிட்டு, ஒரு சோதனை அச்சு எடுத்துப் பார்ப்பது நல்லது.

விழாவின் பெயரை ஆவியின் மேலேயே எழுதலாமா?

நான் எழுதமாட்டேன். ஆவியில் வெளிச்சம் திட்டுத்திட்டாக இருப்பதால் ஓர் எழுத்து தெரியும், அடுத்தது முழுகும். மேலே இருண்ட வானத்தைக் காலியாக விடுவேன்.

தடித்த எழுத்தாக வைத்து, அதன் பின்னால் மட்டும் ஆவியைச் சீராக்கினால் நிற்கிறதே அண்ணா?

நிற்கும். ஆனால் அந்த இடத்தில் ஆவி ஆவியாக இருக்காது, பனிமூட்டமாகிவிடும்.