உளுந்தை அளந்தால் கிரைண்டர் தெரியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் நான்கு பேர். வாரத்துக்கு இரண்டு தடவை மாவாட்டுவேன். கடையில் ஒன்றேகால், ஒன்றரை, 2 லிட்டர் என்று மூன்று அளவு காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? (ஈரோடு வாசகி)

பலர் அரிசியை மட்டும் மனத்தில் வைத்து டிரம் அளவை முடிவு செய்கிறார்கள். உளுந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம்.

நாலுக்கு ஒன்று என்ற வழக்கமான அளவில் 800 கிராம் இட்லி அரிசியும் 200 கிராம் முழு வெள்ளை உளுந்தும் எடுத்துக்கொள்வோம். உளுந்து ஊறியதும் எடை இரட்டிப்பாகிவிடும். ஆட்டும்போது தெளித்துத் தெளித்துச் சேர்க்கும் தண்ணீர் இன்னொரு 400 மில்லி. காற்றையும் வாங்கிக்கொண்டு அது பொங்கி வருவதால், ஆட்டி முடிக்கும்போது ஒரு லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். அரிசி அவ்வளவு உபரி காணாது. ஆனாலும் ஊறிய அரிசியும் அதற்கான தண்ணீரும் சேர்ந்து ஏறக்குறைய 1.3 லிட்டர் மாவாகும்.

இனி டிரம்முக்கு வருவோம். சுற்றும்போது மாவு நடுவில் பள்ளமாகி ஓரத்தில் சுவரேறும். கற்களும் உள்ளே இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் சொல்லப்பட்ட லிட்டரில் முக்கால் பங்குதான் நிம்மதியாக ஆட்டக்கூடிய அளவு. 2 லிட்டர் டிரம்மில் அது ஒன்றரை லிட்டர். உளுந்தும் சரி, அரிசியும் சரி, தனித்தனியாக ஒரே ஈட்டில் முடியும். ஒன்றரை லிட்டர் டிரம்மில் அது 1.1 லிட்டர்தான். உளுந்து விளிம்பைத் தொடும், அரிசியை இரண்டு ஈடாக ஆட்ட வேண்டும். ஒன்றேகால் லிட்டரில் இரண்டுமே இரண்டு ஈடாகிவிடும். உங்களுக்கு 2 லிட்டர்தான் பொருத்தம்.

பெரிதாக வாங்கிவிட்டால் எப்போதும் உதவும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இரண்டே பேர், 75 கிராம் உளுந்துதான் போடுவீர்கள் என்றால், 2 லிட்டர் டிரம்மில் அது கல்லுக்கு அடியில் நிற்காது. சுவரில் ஒட்டிக்கொள்ளும், கல் வெறும் கல்மேல் உருளும், வழித்துவிட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டிவரும். அந்த வீட்டுக்கு ஒன்றேகால் லிட்டரே உளுந்தை நன்றாகக் காண வைக்கும். இரண்டு லிட்டர் டிரம்மில் உளுந்து 100 கிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: கருங்கல் நல்லதா, வெள்ளைக்கல் நல்லதா? கடையில் நின்று கல்லின் தரத்தைப் பார்க்க வழி உண்டா?

நிறம் கடினத்தைச் சொல்லாது. சாம்பல் நிறக் கல்லிலும் உறுதியானது உண்டு, கறுப்பில் பொடியக்கூடியதும் உண்டு. கறுப்பாகத் தெரிவதற்காகப் பூச்சு கொடுக்கப்பட்ட கல்லும் வருகிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது எந்த ஊரின் பொருள் என்பதற்குச் சான்று. உங்கள் கைக்கு வரும் அந்தக் குறிப்பிட்ட கல்லை நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

ஈரமான வெள்ளைத் துணியால் கல்லை அழுத்தித் துடையுங்கள். கொஞ்சம் சாம்பல் தூசி வருவது இயல்பு. துடைக்கத் துடைக்கக் கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் அது பூச்சு. அடுத்து ஒரு நாணயத்தின் விளிம்பால் ஓரத்தில் கீறுங்கள். நல்ல கல்லில் நாணயத்தின் உலோகம்தான் தேய்ந்து மினுமினுப்பான கோடாக விழும். வெள்ளைப் பள்ளம் விழுந்து பொடி உதிர்ந்தால், கல் மென்மையானது, அல்லது குழியைக் கல்பொடியும் பசையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்புதான் ஆறு மாதத்தில் பெயர்ந்து மாவில் நறநறக்கும். ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கல்மேல் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் வெகுநேரம் கறுத்தே இருந்தால், கல்லில் நுண்துளை அதிகம். பழைய மாவு அதில் தங்கிப் புளிக்கும், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது.

பலரும் பார்க்க மறப்பது ஒன்று உண்டு. கல் எவ்வளவு உசத்தியானாலும், உருளும் கல்லும் அடிக்கல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் மாவு மையாது. ஒரு காகிதத் துண்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுங்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்திலும் காகிதம் பிடிபட வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது, அந்த வழியாக அரிசி ரவையாகவே தப்பிப் போகும். கல்லைக் கையால் சுற்றும்போது தள்ளாடினால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

தரை டைல்ஸ் போலப் பளபளக்கும் கல்லையும் தவிர்த்துவிடுங்கள். தொட்டால் லேசான சொரசொரப்பு கையில் தட்டுப்பட வேண்டும். அதுதான் உளுந்தைப் பிடித்து இழுத்து மசிக்கும். இரண்டு கல்லா, மூன்றா, நான்கா என்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

கேள்வி: புது கிரைண்டரில் முதல் மாவு சாம்பல் நிறமாக வந்தது. கல் மோசமா?

கல்லைப் பழக்காமல் ஆட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிக் கொட்டுங்கள். பிறகு ஊறவைத்த பழைய அரிசி 200 கிராம் போட்டு இருபது நிமிடம் ஆட்டிக் கொட்டுங்கள். இப்படி மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் வெள்ளையாகிவிடும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாவில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு பீங்கான் தட்டில் தெளியவிட்டு, அடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல் போல உறுத்தாவிட்டால் கல் தயார். ஐந்தாவது தடவையும் உறுத்தினால் அது பழகாத கல் அல்ல, பொடிகிற கல். மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்தக் கழிவு மாவை மாட்டுக் கழுநீரில் கலக்க வேண்டாம்.

கேள்வி: மிக்ஸி 750 வாட். கிரைண்டர் 150 வாட்தான். 85 வாட்டிலும் ஒன்று பார்த்தேன். இவ்வளவு சிறிய மோட்டார் உளுந்தை எப்படி அரைக்கும்? எங்கள் கிராமத்தில் சாயங்காலம் மின்னழுத்தமும் குறையும்.

வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். மிக்ஸி அதை அதிவேகச் சுழற்சியாக மாற்றுகிறது. கிரைண்டர் பெல்ட் மூலமோ பல்சக்கரம் மூலமோ வேகத்தைக் குறைத்து, அதைச் சுழற்றும் பலமாக மாற்றுகிறது. டிரம் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அவ்வளவு சூடேறாது, உளுந்து பிடித்த காற்றும் வெளியேறாது. 150 வாட் மோட்டாரை ஐம்பது நிமிடம் ஓட்டினாலும் அரைக்கால் யூனிட்தான் ஆகும்.

85 வாட் மோட்டார் சிறிய டிரம்முக்கானது. ஒன்றேகால் லிட்டருக்கு அது போதும். 2 லிட்டருக்கு 150 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள், உங்கள் ஊர் நிலைமையில் இது இன்னும் முக்கியம். இவ்வகை மோட்டாரின் சுழற்றும் பலம் மின்னழுத்தத்தின் வர்க்க விகிதத்தில் குறையும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால், பலத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும். கெட்டியான உளுந்து அந்த நேரத்தில்தான் டிரம்மை நிறுத்தும். நின்ற மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தால் சுருள் சூடேறிக் கருகும். உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

காலையிலேயே ஆட்டிவிடுவது நல்லது. முடியாதபோது, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கிரைண்டரை ஓடவிட்டு, அதன் பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு சுவிட்ச் போடுவதால்தான் பல மோட்டார்கள் வீணாகின்றன.

கேள்வி: அரசு வழங்கிய விலையில்லா கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. ஆனால் அரிசிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. புதிதாக வாங்க வேண்டுமா? (திருவாரூர் வாசகர்)

அவசரப்பட வேண்டாம், எங்கே பழுது என்று பாருங்கள். மாவு போட்டதும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, டிரம் மட்டும் தளர்ந்து, ரப்பர் வாடை வந்தால் பெல்ட் நைந்திருக்கிறது. மலிவான பாகம், மாற்றிவிடலாம். சுவிட்ச் போட்டதும் உறுமல் மட்டும் வந்து, கையால் தள்ளிவிட்டால் டிரம் சுற்றத் தொடங்குகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டிரம் ஒழுங்காகச் சுற்றியும் மாவு ரவைப் பதத்திலேயே நிற்கிறது என்றால் கோளாறு கல்லில்தான். மேலே சொன்ன காகிதச் சோதனையைச் செய்யுங்கள். காகிதம் வழுக்கினால், கல்லின் நடுவிலுள்ள புஷ் தேய்ந்து கல் சாய்ந்திருக்கும். புஷ்ஷை மாற்றினால் சரியாகும். காகிதம் நன்றாகப் பிடித்தும் அரைபடவில்லை என்றால் கல் வழவழப்பாகிவிட்டது. ஆட்டுக்கல்லைக் கொத்துவது போல டேபிள் டாப்பின் அடிக்கல்லை உளி வைத்துக் கொத்தக் கூடாது. அது ஸ்டீல் டிரம்மில் ஒட்டப்பட்டிருப்பது, அதிர்ச்சியில் பிடிப்பு விட்டால் இடுக்கில் தண்ணீர் இறங்கும். உருளும் கற்களை மட்டும் கழற்றி லேசாகக் கொத்தலாம், அல்லது அதே அளவில் புதிது வாங்கலாம். எதைச் செய்தாலும் கல்லை மறுபடி பழக்கிய பிறகே மாவாட்ட வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்து வாங்கி அனுப்பி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டச் சொல்லலாமா?

வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடி, மாவு வெளியே தெறிக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டதையே வாங்குங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்.

கேள்வி: வீட்டிலிருந்து மாவு விற்கலாம் என்றிருக்கிறேன். தினம் 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து. டேபிள் டாப் இரண்டு வாங்கினால் போதுமா?

போதாது. முதல் பதிலின் கணக்கைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். அரிசி மாவு 13 லிட்டர், உளுந்து மாவு 10 லிட்டருக்குச் சற்று மேல். ஒற்றைக் குழவி நிற்கும் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரில், முக்கால் பங்கு கணக்கில், இரண்டையும் இரண்டிரண்டு ஈடாக ஆட்டலாம். ஈட்டுக்கு முப்பது முதல் நாற்பது நிமிடம் வைத்தால் இரண்டேமுக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மோட்டார் 1 எச்.பி. இருக்கட்டும், அதாவது 746 வாட். உரலைச் சாய்க்கும்போது பூட்டு நடுவில் எங்கெல்லாம் நிற்கிறது என்று கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். நிறைந்த உரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மாவு வழிப்பது ஒருவரால் ஆகாது. எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக் இல்லாத இடத்தில் இதை வைக்கவே வேண்டாம், ஈரக் கையோடு தினமும் தொடப்போகும் இரும்பு உடல் அது.