மொடமொடப்பு நூலிலா, கஞ்சியிலா? துணியின் தொடுகை பற்றிக் கேள்வி பதில்

சங்கரன்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, நான் காட்டன் சேலைகளை போட்டோ எடுத்துப் போட்டு விக்கேன். "மொடமொடப்பான சேலை"ன்னு எழுதினேன். ஒரு அலசலிலேயே தொளதொளன்னு ஆயிட்டு, ஏமாத்திட்டீங்கன்னு சண்டைக்கு வாராங்க. நான் எழுதினது பொய்யா?

பொய்யில்லை. நீங்கள் சேலையைப் பற்றி எழுதவில்லை, கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தறியில் உரசி அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்து இறக்கியதும் மடிப்பு நிற்க மேலே இன்னொரு கஞ்சி போடுவதும் உண்டு. முதல் அலசலில் தண்ணீரோடு போவது இதுதான்.

நூலிலிருந்தே வரும் மொடமொடப்பும் இருக்கிறது. வாயல் துணிக்கு நூலில் முறுக்கு அதிகம் ஏற்றுவார்கள். அது மெல்லியதாக இருந்தும் கையில் லேசாக எதிர்த்து நிற்கும். அலசினாலும் அந்தக் குணம் பெரிதாகப் போகாது. ஆர்கண்டியை அமிலத்தில் முக்கி விறைப்பேற்றுவதால் அதுவும் நிலைக்கும்.

முந்தானையின் உள்மூலையை இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ, மடிப்பு வெள்ளைக் கோடாக நின்றாலோ அது கஞ்சி. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு வெட்டுத்துண்டில் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுக் கஞ்சிதான். செயற்கைப் பசை போட்டிருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அயோடினைச் சேலையிலேயே விட்டுவிடாதீர்கள், கறை படும்.

அப்புறம் ஒரு சேலையை அரை மணி ஊறவைத்து அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போடாமல் தொட்டுப் பாருங்கள். "வாங்கும்போது கஞ்சி விறைப்பு, அலசியபின் உடம்போடு படியும்" என்று எழுதினால் சண்டை வராது. கடையில் தொட்டதை எழுதாதீர்கள், அலசியதை எழுதுங்கள்.

வீரவநல்லூர், நெசவுக் குடும்பம்: அண்ணாச்சி, கஞ்சியை என்னமோ கலப்படம் மாதிரிப் பேசுதீய. வீட்டில வாரம் ஒரு தடவை கஞ்சி போட்டு உடுத்துறவங்களுக்கு விறைப்பு தானே சேலை?

யக்கா, கஞ்சியைத் திட்டவில்லை. சோற்றுக் கஞ்சி போட்டு நீவி மடிக்கும் வீட்டில் அந்த விறைப்பு உண்மைதான். ஆனால் போட்டோ பார்த்து வாங்குகிறவர், துணியே தன்னால் அப்படி இருக்கும் என்று நினைக்கிறார்.

அதே அக்கா: அப்போ "கஞ்சி போட்டு உடுத்தணும்"னு எழுதச் சொல்லுங்க. "தொளதொள ஆகிரும்"னு எழுதினா எவ வாங்குவா?

சரி, இதில் அக்கா சொல்வது நியாயம். "கஞ்சி ஏற்கும்" என்பதே ஒரு நல்ல வரி.

அம்பாசமுத்திரத்திலிருந்து: இரண்டு பேருமே விஷயத்தை விட்டுட்டீங்க. நூல் நம்பர் கூடினால் மொடமொடப்பும் கூடும். நூறாம் நம்பர் சேலையைத் தொட்டுப் பாருங்க.

பாதி சரி. நம்பர் கூடக்கூட நூல் மெலியும். மெலிந்த நூலை நெருக்கமாக நெய்தால் கையில் இறுக்கம் தெரியும். இடைவெளி விட்டு நெய்தால் அதே நூறாம் நம்பர் மல் துணி மாதிரிக் குழையும். நம்பரை மட்டும் வைத்துத் தொடுகையைச் சொல்ல முடியாது.

அக்கா: எங்க வீட்டில எண்பதாம் நம்பரே நூறை விட விறைப்பா நிக்குது. தண்ணியும் ஒரு காரணம்னு எங்க அப்பா சொல்லுவாவ.

தண்ணீர் விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரரும் நீங்களுமே பேசி முடியுங்கள்.

பாளையங்கோட்டை, தையற்கடை: குழைவு, துவளல் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. மல் துணியை முஷ்டிக்குள் கசக்கி விட்டால் வளைந்து விழும், ஆனால் வைத்த இடத்தில் கிடக்கும், அது குழைவு. ரேயான் சாட்டினை மேசை ஓரத்தில் வைத்தால் தன் எடையிலேயே வழுக்கி இறங்கிவிடும், அது துவளல். உங்களுக்கே தெரியும், இரண்டாவதை வெட்ட அடியில் காகிதம் வைக்க வேண்டியிருக்கும்.

கடையநல்லூரிலிருந்து: "வறட்டுத் தொடுகை"ன்னு போடுறாங்களே, மழைக்காலத்தில என் கைலி காயவே மாட்டேங்குது, அதுக்கு என்ன வாங்கலாம்?

அது காய்வதைப் பற்றிய பேச்சில்லை. கிரேப், லினன் போன்ற துணிகள் மேனியில் அங்கங்கேதான் படும், வழவழப்பும் இல்லை, வியர்வையில் ஒட்டிக்கொள்ளாது. அதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். கைலிக்கு வெயில்தான் வழி.

தென்காசியிலிருந்து: மொடமொடப்பா இருந்தா நல்ல சேலைன்னு அர்த்தமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: கடையில விறைப்பா இருந்தா அலசினாலும் அப்படியே இருக்குமா?

அதே பதில்தான். அலசிவிட்டு எழுதுங்கள்.

வள்ளியூரிலிருந்து: பிரிண்ட் குர்தா ஒண்ணு அட்டை மாதிரி இருக்கு. நாலு தடவை அலசியும் போகலை. இதுவும் கஞ்சியா?

கஞ்சியென்றால் இந்நேரம் போயிருக்கும். பூவில்லாத இடத்தையும் பூவிருக்கும் இடத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். பூ மட்டும் தடித்துக் கிடந்தால், நிறமியைத் துணியில் பிடித்து வைக்கும் பிசின்தான் காரணம். அலசி எடுக்க முடியாது. முழுத் துணியும் ஒரே மாதிரி விறைத்திருந்தால் சுருக்கம் விழாமலிருக்கப் போட்ட பூச்சாக இருக்கலாம், அல்லது நெசவே இறுக்கமாக இருக்கலாம். விற்கிறவர் நீங்களானால் "பிரிண்ட் பகுதி தடிப்பாக இருக்கும்" என்று எழுதிவிடுங்கள், "மென்மை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.